நசுங்கிய மூலையும் உடைந்த சட்டமும்

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குக் கூரியரில் வந்த ஓவியம் ஒன்று. கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, மரச்சட்டத்தின் ஒரு மூலை பிளந்திருக்கிறது. கோபத்தில் பலரும் எழுதுவது இப்படித்தான்: "உங்கள் அலட்சியத்தால் என் பொருள் நாசமாகிவிட்டது, படங்கள் இணைத்துள்ளேன்." இந்த வரியில் உண்மை இருக்கிறது. ஆனால் நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்கு இதில் மறுப்பு இல்லை. "பேக்கிங் சரியில்லை, அல்லது அனுப்பும்போதே உடைந்திருக்கும்" என்பதுதான் அந்தப் பதில்.

அதை மறுக்கும் வேலையைப் படங்கள் செய்யவேண்டும். அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே படமெடுக்கத் தொடங்குவது நல்லது. ஆறு பக்கங்களும், டாக்கெட் எண் தெரியும் லேபிளும் முதலில். பிறகு பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்த தெர்மோகோல், குமிழ் உறை, கடைசியாகப் பொருள். உடைந்த பொருளை மட்டும் எடுத்த படம் எங்கே உடைந்தது என்பதைச் சொல்லாது. பெட்டி நசுங்கிய இடமும் பொருள் உடைந்த இடமும் ஒன்றே என்று காட்டினால்தான் வழியில் அடிபட்டது என்ற வாதம் நிற்கும்.

கடிதத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, அதில் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்: "படம் 2: பெட்டியின் வலது கீழ் மூலை சுமார் 4 செ.மீ. உள்ளே அமுங்கியுள்ளது. படம் 5: அந்த மூலையில் இருந்த தெர்மோகோல் நொறுங்கியுள்ளது. படம் 6: சட்டம் அதே மூலையில் பிளந்துள்ளது." இதற்குப் பிறகு பேக்கிங் இல்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. டாக்கெட் எண், பெற்றுக்கொண்ட நாள், நேரம், பொருளின் விலை ரசீது, கேட்கும் தொகை, பதிலுக்கான கெடு ஆகியவையும் வேண்டும். வசைச்சொல் வேண்டாம், அது படிப்பவரின் கவனத்தைப் படங்களிலிருந்து திருப்பிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் போன்ற உள்விவரமும் அழிந்துவிடும். மின்னஞ்சலில் மூலப்படத்தையே இணையுங்கள், போனிலும் அழிக்காமல் வைத்திருங்கள். பெட்டியையும் உறைகளையும் குப்பையில் போடாதீர்கள். நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னால் அவைதான் சாட்சி. வாங்கும்போதே பெட்டி நசுங்கித் தெரிந்தால், கையெழுத்திடும் இடத்தில் அதைக் குறிப்பிடக் கேளுங்கள்.

கேட்கும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் உள்ள அந்த வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கூரியர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே விலையுயர்ந்த பொருளை அனுப்பும்போதே மதிப்பை எழுதிக் காப்பீடு கேட்பதுதான் முறை. கெடுவுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; அங்கும் இதே கடிதமும் எண்ணிட்ட படங்களும்தான் முதலில் கேட்கப்படும்.