பேப்பர் போட்டவரை நிறுத்தலாமா?

குழுவிலேயே கெட்டிக்காரரான ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை பேப்பர் போட்டால், திங்கள்கிழமை காலை மேலாளர் முதலில் கேட்பது, "அங்கே எவ்வளவு தர்றாங்க?" என்பதுதான். தொகையைக் கேட்டதும் மனம் பதறும். அந்தப் பதற்றத்திலேயே 'கவுன்டர் ஆஃபர்' என்ற எதிர்ச்சலுகை பிறந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம். ஆறு வருட அனுபவமுள்ள பொறியாளருக்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய், அத்தனையும் நிலையான சம்பளம். வெளியிலிருந்து வந்த ஆஃபரில் 18 லட்சம் என்று இருக்கிறது. கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒன்றரை லட்சம் ஒரே ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ். 2 லட்சம் 'வேரியபிள்', அதாவது நிறுவனமும் அவரும் இலக்கை எட்டினால் கிடைக்கலாம் என்ற தொகை. மிச்சம் பதினான்கரை லட்சம்தான் உறுதியான சம்பளம். ஆறு லட்சமாகத் தெரிந்த இடைவெளி இரண்டரை லட்சமாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, அவருடைய நாற்காலியில் உட்கார இன்னொருவரைத் தேடினால் எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். சந்தையில் இந்த அனுபவத்துக்கு 15 லட்சம்தான் நிலவரம் என்றால், புதியவருக்கும் அதைத்தான் கொடுக்கப்போகிறார்கள். ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்குத் தனியாகக் கமிஷன். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இங்கே பரவலான வழக்கம். வருபவர் வேலையைப் புரிந்துகொள்ள மாதங்கள் பிடிக்கும். இந்த நிலையில் இருப்பவருக்கே 15 லட்சம் கொடுத்து நிறுத்துவது மலிவு.

ஆனால் கணக்கு இத்தோடு முடிவதில்லை. அதே குழுவில் அதே வேலையை 12 லட்சத்துக்குச் செய்யும் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். சம்பள விவரம் ரகசியம் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், டீக்கடைக்குப் போய் வருவதற்குள் விஷயம் கசிந்துவிடும். "பேப்பர் போட்டாத்தான் இங்கே சம்பளம் ஏறும்" என்று நால்வரும் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கும் தலா 3 லட்சம் ஏற்றினால் 12 லட்சம். ஒருவரை நிறுத்துவதன் உண்மையான விலை மூன்று லட்சமல்ல, பதினைந்து. சந்தை நிலவரமே 15 லட்சம் என்றால் அந்த நால்வரும் இன்றில்லாவிட்டால் நாளை போகக்கூடியவர்கள்தான். அந்தச் செலவை நிறுவனம் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தது, அவ்வளவே. மாறாக, நிலவரம் பன்னிரண்டரைதான், ஏதோ ஒரு நிறுவனம் அவசரத்தில் அள்ளிக் கொடுக்கிறது என்றால், கைகுலுக்கி அனுப்பிவைப்பதே சரி.

கூகுள் 2010இல் எடுத்த முடிவு இங்கே பொருந்தும். அதன் பொறியாளர்களை ஃபேஸ்புக் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டு நவம்பரில் தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், 2011 ஜனவரி முதல் எல்லோருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீத உயர்வு என்று அறிவித்தார். போனஸையும் பங்குகளையும்விடச் சம்பளமே தங்களுக்கு முக்கியம் என்று ஊழியர் கருத்துக்கணிப்புகளில் தெரியவந்ததையும் அதில் குறிப்பிட்டிருந்தார். கூகுள் அளவுக்குப் பணப்பெட்டி எல்லோரிடமும் இல்லைதான். ஆனாலும் பலர் வெளியேறத் தயாராகும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேசுவதைவிட இது தெளிவான வழி.

இந்திய ஐடி துறையில் இன்னொரு சிக்கல், 90 நாள் நோட்டீஸ். பேப்பர் போட்டவர் கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு, அந்த மூன்று மாதத்தில் அதைக் காட்டியே இரண்டாவது, மூன்றாவது ஆஃபரை வாங்க முடியும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஊழியர் வெளியேறும் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்ட காலத்தில் இது சர்வசாதாரணமாக நடந்தது. ஆகவே எதிர்ச்சலுகை தருவதானால் இரண்டு மூன்று நாளுக்குள், புதிய சம்பளக் கடிதமாகவே கையில் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த அப்ரைசல்ல பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை யாரும் நம்புவதில்லை.

எதிர்ச்சலுகையை ஏற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள் என்று ஒரு புள்ளிவிவரம் அடிக்கடி உலவும். எந்த ஆய்வு என்று சொல்பவர்கள் சொல்வதில்லை. அதை அதிகம் பரப்புவது கன்சல்டன்சிகள். ஆள் நின்றுவிட்டால் அவர்களின் கமிஷன்தானே போகும்!

அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. "அவங்க தர்றதையே நாங்களும் தர்றோம், இருப்பீங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்ப்பது. பணம்தான் காரணம் என்றால் உடனே தொகையைப் பற்றிப் பேசுவார். தயங்கி, மேலாளரையோ இரவு ஷிப்ட்டையோ ஒரே புராஜெக்டில் மூன்று வருடம் கிடப்பதையோ சொன்னால், சம்பள உயர்வு அதில் எதையும் மாற்றப்போவதில்லை. அப்படிப்பட்டவரிடம் மிச்சமுள்ள நாட்களில் வேலையை ஒழுங்காக ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, மற்ற நால்வரின் சம்பளத்தை ஏப்ரல் அப்ரைசல்வரை காத்திருக்காமல் எடுத்துப் பார்ப்பது நல்லது.