ஒரு மெய், சொல் முழுவதையும் ஏன் கனக்கச் செய்கிறது?

அரபியில் ‘தீன்’ என்றால் அத்திப்பழம். அதன் தகரத்தை அழுத்திச் சொன்னால் களிமண். அழுத்தம் என்றதும் நமக்கு டகரம் தோன்றலாம், அது வேறு. நாநுனி பல்லருகேதான் நிற்கிறது. அதே நேரத்தில் நாவின் பின்பகுதி தொண்டைச் சுவரை நோக்கி இழுபடுகிறது. வாயின் முன்பக்க இடம் பெரிதாக, ஒலி கனத்துவிடுகிறது.

நாவின் பருத்த பின்பகுதி நுனியைப் போலச் சட்டென்று நகராது. அதனால் முன்கூட்டியே பின்வாங்கி, தாமதமாகத் திரும்புகிறது. பாலஸ்தீன அரபியில் திருடனைக் குறிக்கும் ‘பல்லாஸ்’ என்ற சொல்லில் கடைசி ஸகரம் மட்டுமே அழுத்த மெய். ஆனாலும் முதல் அகரம்வரை எல்லா உயிரும் ஆங்கில ‘கார்’ என்ற சொல்லின் உயிர்போல இருண்டு ஒலிக்கும். மெய்யைவிட இந்த உயிரை வைத்தே காது வேறுபாட்டை எளிதில் பிடிக்கிறது.

இந்தப் பரவலுக்கு எல்லை உண்டு. தாகமுற்றவனைக் குறிக்கும் ‘அத்ஷான்’ என்ற சொல்லில் தகரம் அழுத்த மெய். அதற்கு முந்தைய அகரம் இருள்கிறது. பிந்தைய ஆகாரமோ, தெற்குப் பாலஸ்தீனப் பேச்சில் தெளிவாகவே இருக்கிறது. இடையிலுள்ள ஷகரத்துக்கு நா முன்னே உயர வேண்டும். பின்வாங்கல் அங்கே அறுந்துபோகிறது. இகரமும் யகரமும் அப்படியே தடுக்கும். ஆனால் சொல்லின் இறுதியை நோக்கிப் போகும் பரவலை மட்டும்தான்.