மண்ணின் ஆழம் சொல்லும் படியின் அகலம்

உதகைப் பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் மலைச்சரிவில் படிமட்டம் வெட்டுவதென்றால், முதல் வேலை குழி தோண்டிப் பார்ப்பதுதான். மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலாவது தோண்டி, கெட்டியான அடிமண் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறது என்று டேப்பால் அளக்க வேண்டும். மூன்றில் குறைந்த அளவு எதுவோ, அதை வைத்துத்தான் கணக்கு தொடங்கும்.

காரணம் எளிது. படியின் மேல்பாதியில் வெட்டிய மண்தான் கீழ்ப்பாதியை நிரப்புகிறது. எனவே படியின் உயரத்தில் பாதியளவு வெட்டு விழும். வெட்டுக்கு அடியிலும் வேர் இறங்க மண் மிஞ்ச வேண்டும். அதற்காக ஆழத்தில் 15 செ.மீ. கழித்து, மீதியை இரட்டித்தால் படியின் உயரம் வந்துவிடும்.

மண் 90 செ.மீ. ஆழம், சரிவு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 1.5 மீட்டர். 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏறும் மலையில், 1.5 மீட்டர் ஏற 5 மீட்டர் கிடைத்தூரம் வேண்டும். அது முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. மண்சுவரைச் செங்குத்தாக விட்டால் சரிந்துவிடும். மீட்டருக்கு அரை மீட்டர் சாய்த்து வெட்டினால் 75 செ.மீ. சுவருக்கே போய், 4.25 மீட்டர் அகலம் மிஞ்சும். நிலத்தில் 15 சதவீதம் சுவருக்குப் போகிறது என்பதை விவசாயியிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இனி மண்வேலை. வெட்டுப்படும் பகுதி ஒரு முக்கோணம்: படியின் பாதி அகலம், பாதி உயரம். அகலத்தை உயரத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் அதன் பரப்பு, இங்கே 0.8 சதுர மீட்டர். 5 மீட்டருக்கு ஒரு படி என்றால் ஹெக்டேருக்கு 2,000 மீட்டர் நீளம். ஆக, சுமார் 1,600 கனமீட்டர் மண் வெட்ட வேண்டும்.

மழை மிகுந்த நீலகிரியில் படியைச் சமமாக விடுவதில்லை, மலைப்பக்கமாக 2.5 சதவீதம் உள்சாய்வு கொடுப்பார்கள். விளிம்பைவிட உள்மூலை 10 செ.மீ. தாழும், அங்கே வெட்டு 80 செ.மீ. ஆகும். மண்வேலையும் 1,700 கனமீட்டரை நெருங்கும். முதலில் ஒதுக்கிய 15 செ.மீ.யில் இப்போது 10 செ.மீ.தான் பாக்கி.

பவர் டில்லர் தாராளமாகத் திரும்ப 6 மீட்டர் அகலம் வேண்டும் என்று ஆசைப்பட்டால்? உயரம் 2.1 மீட்டரைத் தாண்டும். உள்சாய்வு இல்லாமலே வெட்டு ஒரு மீட்டருக்கு மேல் போய் அடிமண் வெளியே வந்துவிடும். மண்வேலையும் ஹெக்டேருக்கு 2,250 கனமீட்டர். அந்த நிலத்தை விதைத்த பிறகு பார்த்தால் தெரியும்: விளிம்பில் செடி செழித்திருக்கும், உள்மூலையில் வெளிறிக் குட்டையாக நிற்கும்.

மேல்மண்ணைக் காக்க விரும்பினால் வேலையை அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். கீழ்ப்படியை வெட்டிச் சமன்செய்ததும், அடுத்த படியின் மேல்மண்ணை வழித்து அதன்மேல் பரப்பலாம். இப்படியே மேலே ஏறலாம். உச்சிப் படிக்கு மட்டும் மேல்மண் தனியே கொண்டுவர வேண்டும்.

வெளிவிளிம்பு புதுமண் என்பதால் முதல் மழைக்காலத்தில் அமுங்கும். அதற்காகவே அங்கே சற்று உயர்த்தி நிரப்புகிறார்கள். மழை ஓய்ந்ததும் டியூப் லெவலை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். உள்மூலை வாய்க்காலில் தண்ணீர் தேங்கியிருந்தால் நீளவாட்டச் சாய்வு போதவில்லை என்று பொருள். அந்தத் தண்ணீர் கீழ்ச்சுவரில் கசியத் தொடங்குவதற்குள் வாய்க்காலைச் சீராக்கிவிட வேண்டும்.