தானே கரையும் கட்டியும் ஓடிப் பரவும் கட்டியும்

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் நியூரோபிளாஸ்டோமாவுக்கு. கரு வளரும்போது முதுகுத்தண்டை ஒட்டி ஒரு செல்கூட்டம் உருவாகி, உடலின் பல பக்கங்களுக்கு நகர்ந்து போகும். இதயத்தை வேகமாகத் துடிக்க வைப்பது, ரத்தக் குழாய்களைச் சுருக்குவது போன்ற வேலைகளை நம்மைக் கேட்காமலே செய்யும் சிம்பதெடிக் நரம்புகள் இந்தச் செல்களிலிருந்து வருகின்றன. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உள்பகுதியும் இவற்றிலிருந்துதான் உருவாகிறது. போக வேண்டிய இடத்துக்குப் போய், நரம்பாக முதிர வேண்டிய செல் முதிராமல் பெருகிக்கொண்டே இருந்தால் அது கட்டியாகிறது. ஆகவேதான் பெரும்பாலும் வயிற்றில், அதிலும் அட்ரீனலில் வருகிறது. நெஞ்சிலும் கழுத்திலும் முதுகெலும்பை ஒட்டியும் வரலாம்.

இந்த நோயின் விசித்திரம் அது எங்கே வருகிறது என்பதில் இல்லை, வந்த பிறகு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. சில குழந்தைகளிடம் மருந்தே இல்லாமல் கரைந்து காணாமல் போகிறது. சிலரிடம் எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பரவி, எல்லாச் சிகிச்சையையும் மீறி உயிரைப் பறிக்கிறது. பெயர் ஒன்றுதான், மைக்ராஸ்கோப்பில் தெரியும் செல்களும் ஏறக்குறைய ஒரே ஜாடைதான்.

தானே கரையும் என்பதற்கான முதல் தடயம் பிரேதப் பரிசோதனை மேசையில் கிடைத்தது. வேறு காரணங்களால் இறந்துபோன மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுக்களின் அட்ரீனல் சுரப்பிகளைப் பார்த்தபோது, அவற்றில் நியூரோபிளாஸ்டோமாவைப் போன்ற சின்னஞ்சிறு செல்திரள்கள் இருந்தன. பெக்வித், பெரின் என்ற இரு மருத்துவர்கள் 1963இல் இதை எழுதினார்கள். நோயாக வெளிப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட இப்படித் திரள் இருந்த சிசுக்கள் பல மடங்கு அதிகம். அப்படியென்றால் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே மறைந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்த தடயம் 1971இல் வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஆட்ரி எவன்ஸ், கதிரியக்க மருத்துவர் டாஞ்சியோ, அறுவை நிபுணர் கூப் ஆகியோர், வினோதமான ஒரு வகையை விவரித்தார்கள். ஈரல், தோல், எலும்பு மஜ்ஜை என்று உடல் முழுக்கப் பரவியிருந்தும், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். பரவிவிட்டது என்பதால் அது நான்காம் நிலை. ஆனால் நான்காம் நிலைக்குரிய முடிவு இல்லை. அதனால் ‘ஸ்பெஷல்’ என்பதன் முதலெழுத்தைச் சேர்த்து 4எஸ் என்ற பெயர் வந்தது. இன்றைய சர்வதேச வகைப்பாட்டில் இதன் பெயர் எம்எஸ். குழந்தை 18 மாதத்துக்குள் இருக்க வேண்டும், பரவல் ஈரல், தோல், மஜ்ஜை ஆகிய மூன்றோடு நிற்க வேண்டும், மஜ்ஜையில் புற்றுசெல்கள் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கடினமான எலும்புக்குள் போய்விட்டால் அது எம்எஸ் அல்ல.

ஏன் கரைகிறது? முழு விடை இன்னும் இல்லை, ஆனால் சில துண்டுகள் பொருந்துகின்றன. கரு வளர்ச்சியில் தேவைக்கு அதிகமாக நரம்புசெல்கள் உருவாவதும், நரம்பு வளர்ச்சிப் புரதம் கிடைக்காதவை தாமாகவே மடிவதும் இயல்பு. நல்ல வகைக் கட்டியின் செல்கள் இந்தப் புரதத்தை வாங்கும் ‘கைகளை’ நிறைய வைத்திருக்கின்றன, அதாவது பழைய கட்டளைக்கு இன்னும் கீழ்ப்படிகின்றன. இன்னொன்று, குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் இது தேயும். தேய்வை ஈடுகட்டும் வழியை வைத்திருக்கும் கட்டிதான் முடிவில்லாமல் பெருகும். அந்த வழி இல்லாத கட்டி ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

கெட்ட வகையின் அடையாளங்களில் மருத்துவர்கள் முதலில் தேடுவது மிக்-என் என்ற மரபணுவை. ஒரு செல்லில் இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய இந்த மரபணு, சில கட்டிகளில் பத்துகளாகவும் சிலவற்றில் நூறுக்கு மேலாகவும் பெருகிக் கிடக்கும். எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு நியூரோபிளாஸ்டோமாவில் இப்படி இருக்கிறது. குரோமோசோம்களின் எண்ணிக்கையும் பேசும். கூடுதலாக முழு குரோமோசோம்கள் இருந்தால் அது நல்ல சகுனம். முழுதாக இல்லாமல் குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து தொலைந்திருந்தால், உதாரணமாக 11ஆம் குரோமோசோமின் நீண்ட கை, கவலைப்பட வேண்டும். எண்ணிக்கை கூடியிருப்பது நல்லது, துண்டு உடைந்திருப்பது கெட்டது என்பது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். மரபணுக்கள் குழம்பாமல் முழு மூட்டையாக நகர்வதுதான் இங்கே வித்தியாசம்.

இந்தத் தகவல்களைச் சேர்த்துத்தான் ரிஸ்க் குரூப் முடிவாகிறது. குழந்தையின் வயது, பரவலின் நிலை, திசுவின் தோற்றம், மிக்-என், குரோமோசோம் விவரம் ஆகியவற்றைக் கொண்டு மிகக் குறைவு, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். வயதுக்கு இங்கே பெரிய எடை உண்டு. முன்பு 12 மாதம் எல்லையாக இருந்தது, பிறகு ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து அது 18 மாதமாக மாறியது. குறைந்த ரிஸ்க் குரூப்களில் 95 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், அதிக ரிஸ்க்கில் இன்றும் பாதிக்குச் சற்று மேலே.

இந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க, வார்டில் வழக்கமாக வரும் இருவரைப் போல இரண்டு குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதல் குழந்தைக்கு ஆறு வாரம். குளிப்பாட்டும் பாட்டி, வயிறு நாளுக்கு நாள் உப்புவதைக் கவனிக்கிறார். தோலில் அங்கங்கே நாவல்பழ நிறத்தில் உருளும் முடிச்சுகள். அல்ட்ராசவுண்டில் ஈரல் பெரிதாக இருக்கிறது, இடது அட்ரீனலில் கட்டி. சிறுநீரில் கேட்டகோலமின் சிதைவுப் பொருள்கள் கூடியிருக்கின்றன. இது பத்தில் ஒன்பது நியூரோபிளாஸ்டோமாக்களில் கிடைக்கும் தடயம். தோல் முடிச்சிலிருந்தே பயாப்ஸி எடுக்கிறார்கள். மிக்-என் பெருகவில்லை, குரோமோசோம் எண்ணிக்கை கூடுதல். மஜ்ஜையில் ஓரிரு சதவீதம் புற்றுசெல்கள், எலும்பு சுத்தம். இது எம்எஸ், ரிஸ்க் மிகக் குறைவு. தாய் தந்தையருக்குச் சொல்லப்படும் சிகிச்சை: ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது.

பார்த்துக்கொண்டிருப்பது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறப்பதல்ல. இந்த வயதில் ஈரல் சில நாள்களிலேயே வீங்கி உதரவிதானத்தை மேலே தள்ளும், குழந்தைக்கு மூச்சு விட இடம் இருக்காது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு எம்எஸ்-இல் மரணம் நேர்ந்தால் பெரும்பாலும் இதனால்தான், கட்டியின் கொடூரத்தால் அல்ல. நம் குழந்தைக்கும் எட்டாவது வாரத்தில் மூச்சு வேகமாகிறது, பால் குடிப்பது குறைகிறது, கால் வீங்குகிறது. உடனே கார்போபிளாட்டின், எட்டோபோசைடு என்ற இரு மருந்துகளைக் குறைந்த அளவில் இரண்டு சுற்று கொடுக்கிறார்கள். கட்டியை ஒழிப்பது நோக்கமல்ல, ஈரலின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டு, தானே கரையும் வேலை தொடங்கும்வரை நேரம் வாங்குவதுதான். மூச்சு சீரானதும் மருந்து நிற்கிறது. பிறகு மாதக்கணக்கில் ஈரல் சுருங்க, முடிச்சுகளும் மங்கிப் போகின்றன.

இரண்டாவது குழந்தைக்கு 11 மாதம். எழுந்து நிற்கத் தொடங்கியது திடீரென்று நிற்க மறுக்கிறது, தூக்கினால் அழுகிறது. அடி எதுவும் படாமலே கண்களைச் சுற்றி ரத்தக்கட்டு போலக் கருமை. வயிற்றில் கல் போன்ற கட்டி, நடுக்கோட்டைத் தாண்டிப் பரந்திருக்கிறது. எம்ஐபிஜி ஸ்கேனில் எலும்புகள் பல இடங்களில் ஒளிர்கின்றன. இதுவரை கேட்ட எல்லாமே பயமுறுத்துகிறது. ஆனால் எலும்பு வரை பரவியதால் மட்டுமே இந்த வயதுக் குழந்தை அதிக ரிஸ்க் ஆகிவிடாது. மிக்-என் பெருகாமல், குரோமோசோம் எண்ணிக்கை கூடியிருந்தால் அது குறைந்த ரிஸ்க்கில்தான் இருக்கும், மிதமான கீமோ போதும். இந்தக் குழந்தையின் பயாப்ஸியில் மிக்-என் பெருகியிருக்கிறது. அந்த ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றுகிறது.

சிகிச்சை இங்கே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. ஐந்தாறு சுற்று கடும் கீமோ, கட்டியை அகற்றும் அறுவை, பிறகு குழந்தையின் சொந்த ஸ்டெம்செல்களை எடுத்து வைத்துக்கொண்டு மஜ்ஜையே கருகும் அளவுக்கு உயர்ந்த டோஸ் மருந்து, எடுத்து வைத்ததைத் திரும்பச் செலுத்துதல், கட்டி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு. இறுதியில், புற்றுசெல்லின் மேல்பரப்பில் உள்ள ஜிடி2 என்ற பொருளைக் குறிவைக்கும் எதிர்ப்புரத மருந்து. அமெரிக்கா 2015இல் அனுமதித்த டினுடக்ஸிமாப் இந்த வகை. அதே ஜிடி2 வலி நரம்புகளிலும் இருப்பதால் மருந்து ஏறும்போது கடும் வலி வரும், மார்ஃபின் போட்டபடியே ஏற்றுவார்கள். பிழைத்தவர்களிடமும் சிஸ்பிளாட்டின் செவித்திறனைக் குறைத்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவையும் ஒரு நல்ல வகைக் குழந்தைக்குச் செய்தால் என்ன ஆகும்? ஜப்பான் இதற்குப் பாடமாகிறது. 1980களின் நடுவில் அந்த நாடு, ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடத்தத் தொடங்கியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் காக்கலாம் என்பது நியாயமான எண்ணம். நிறைய கட்டிகள் அகப்பட்டன, பிழைத்தோர் சதவீதம் அழகாக உயர்ந்தது. ஆனால் கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளையும் பரிசோதிக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வுகள் வேறு கணக்கைக் காட்டின: நோய் கண்டவர்கள் எண்ணிக்கை கூடியது, இறப்பு குறையவில்லை. பிடிபட்டவை பெரும்பாலும் தானே கரைந்திருக்கக்கூடியவை. கொல்லும் வகையோ பரிசோதனைக்குப் பிறகு வேகமாக முளைத்தது. கரைய இருந்த கட்டிக்காகக் கத்தியும் கீமோவும் பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஜப்பான் 2004இல் திட்டத்தை நிறுத்தியது. மருத்துவத்தில் ஒரு நல்ல எண்ணம் அளந்து பார்த்துத் தள்ளப்பட்ட நேர்மையான நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அதன் பலன் இன்று நேரடியாகத் தெரிகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் அட்ரீனலில் சிறிய கட்டி தெரிந்தால், வட அமெரிக்க ஆய்வொன்று அறுவைக்குப் பதில் சுமார் 90 வாரம் அல்ட்ராசவுண்டும் சிறுநீரும் பார்த்துக் காத்திருந்தது. கட்டியின் கன அளவு பாதிக்கு மேல் வளர்ந்தால் மட்டுமே கத்தி. காத்திருந்த 83 குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அறுவையே தேவைப்படவில்லை, மூன்றாண்டு முடிவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

குழந்தைக்கு இந்த நோய் என்று சொல்லப்பட்டால், பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன ஸ்டேஜ்?’ அல்ல, ‘என்ன ரிஸ்க் குரூப், மிக்-என் முடிவு வந்துவிட்டதா?’ என்பதே. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை அந்த முடிவு வரும் வரை சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பது தாமதம் அல்ல.