மீன் நறுக்கிய மேடை... 2 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச்சேரி உப்பளத்தில் ஒரு வீடு. வஞ்சிரம் நறுக்கிய கிரானைட் மேடையில் பிளீச் தண்ணீரைத் தெளித்த கையோடு துடைத்துவிடுகிறார்கள். மேடை பளிச்சென்று தெரியும். ஆனால், கிருமி முழுதாகப் போயிருக்காது.

முதலில், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். மீனின் ரத்தமும் கொழுப்பும் ஒட்டியிருந்தால், குளோரின் அவற்றிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, லேபிளில் 'சோடியம் ஹைப்போகுளோரைட் 4%' என்றுள்ள, வாசனை சேர்க்காத பிளீச்சை ஒரு டீஸ்பூன் (5 மி.லி.) எடுத்து, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். இது பத்து லட்சத்தில் 200 பங்கு குளோரின். மேடை முழுக்க நனைத்து, 2 நிமிடம் விடுங்கள். கிருமியைச் சிதைக்க குளோரினுக்கு அந்த நேரம் வேண்டும். ஃபேன் காற்றில் முன்னதாகவே காய்ந்துவிட்டால், மறுபடி நனையுங்கள். பிறகு தானாகக் காயட்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த பிளீச்சை இரண்டு மடங்காக்காதீர்கள். பத்து விநாடியில் துடைத்த குறையை அது ஈடுகட்டாது. அளவு கூடினால் மேடையில் எச்சம்தான் மிஞ்சும். கலந்த தண்ணீரை அன்றே பயன்படுத்திவிடுங்கள். வினிகர், டாய்லெட் கிளீனருடன் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்!