‘வட்டம் 10’ எங்கே இருக்கு? கல்யாணப் பத்திரிகை போட்டோவிலிருந்து தேதி, இடத்தைத் தப்பில்லாமல் எடுப்பது எப்படி?

நெய்வேலியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை, போட்டோவாக வாட்ஸ்அப்பில் வருகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் கூகுள் லென்ஸில் எழுத்தை காப்பி செய்து, தேதியை காலண்டரிலும் இடத்தை மேப்பிலும் போட்டுவிடுகிறார். வேலை முடிஞ்சுது! ஆனால் அங்கேதான் பிரச்னையே ஆரம்பம். முகூர்த்தத்துக்கு மறுநாள் போய் நின்றால் மண்டபம் காலியாகத்தான் இருக்கும்.

2025-ல் வந்திருக்கக்கூடிய ஒரு மாதிரிப் பத்திரிகையை வைத்துப் பார்ப்போம். “நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 19-ஆம் தேதி (04.09.2025) வியாழக்கிழமை காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்” என்று இருக்கிறது. கீழே, “முந்தைய நாள் மாலை 6.30 மணிக்கு வரவேற்பு”. இடம்: “திருமண மண்டபம், வட்டம் 10, நெய்வேலி”.

எழுத்து ஏன் தப்பாக வருகிறது?

பத்திரிகையில் தங்க நிற ஃபாயில் எழுத்து இருந்தால், ஃபிளாஷ் போட்ட போட்டோவில் அந்த இடம் வெள்ளையாக அடிக்கும். வளைவு நெளிவான அலங்கார எழுத்தும் மென்பொருளைக் குழப்பும். சில பத்திரிகைகளில் வருடம், மாதம், தேதிக்கு ௵, ௴, ௳ என்ற பழைய குறிகள் இருக்கும். இவற்றை ஏதோ ஒரு எழுத்தாக நினைத்து மாற்றிவிடும். மணமகள், மணமகன் வீட்டார் பெயர்கள் இரண்டு பத்திகளாக இருந்தால், இரண்டையும் குறுக்கே சேர்த்து ஒரே வரியாகப் படித்துவிடுவதும் உண்டு.

அதனால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்த போட்டோவைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் படம் சுருங்காமல் வரும். முழுப் பத்திரிகையையும் ஒரேயடியாகப் படிக்க வைக்காமல், தேதி வரி, இடம் வரி இரண்டையும் தனித்தனியாக கிராப் செய்து படிக்க வையுங்கள்.

தேதியை எப்படிச் சரிபார்ப்பது?

04.09.2025 என்பது நமக்கு செப்டம்பர் 4. அமெரிக்க முறையில் செட் ஆகியிருக்கும் காலண்டருக்கு அது ஏப்ரல் 9. நல்லவேளையாக, தமிழ்ப் பத்திரிகை ஒரே நாளை மூன்று விதமாகச் சொல்கிறது: ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி. மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

2025 செப்டம்பர் 4 வியாழக்கிழமை. ஏப்ரல் 9 புதன்கிழமை. ஆக, கிழமையே தப்பைக் காட்டிக்கொடுக்கிறது. ‘04’ மங்கலாகி ‘01’ என்று வந்தாலும் அது திங்கட்கிழமை, மாட்டிக்கொள்ளும். ஆனால் ‘11’ என்று வந்தால் அதுவும் வியாழன்தான். அப்போது கிழமை உதவாது, தமிழ்த் தேதிதான் உதவும். அந்த வருடம் ஆவணி 1, ஆகஸ்ட் 17-ல் வந்தது. அதிலிருந்து எண்ணினால் ஆவணி 19 செப்டம்பர் 4-ல்தான் விழும். தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்கான பக்கத்தைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும்.

வரவேற்பை மறந்துவிடாதீர்கள். ‘முந்தைய நாள்’ என்று மட்டும் போட்டு, தேதியே போடாமல் விட்டிருப்பார்கள். தேதியை மட்டும் தேடும் ஆப் அதைக் கண்டுகொள்ளாது. செப்டம்பர் 3 மாலை என்று நீங்கள்தான் தனியாகப் பதிய வேண்டும்.

இடத்தில் என்ன சிக்கல்?

தமிழ்நாட்டில் பொதுவாக முகவரியில் ‘வட்டம்’ என்றால் தாலுகா. நெய்வேலி டவுன்ஷிப்பில் அது ‘பிளாக்’. நிலக்கரி நிறுவனம் உருவாக்கிய இந்த நகரியம் எண் போட்ட பிளாக்குகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே பத்திரிகையில், பெண் வீட்டார் சொந்த ஊர் முகவரியாக ‘பண்ருட்டி வட்டம்’ என்றும், மண்டபத்துக்கு ‘வட்டம் 10’ என்றும் வரலாம். முன்னது தாலுகா, பின்னது பிளாக். மொழிபெயர்க்கும் ஆப் இரண்டையும் ஒரே மாதிரி மாற்றிவிட்டால் மேப்பில் எதுவும் கிடைக்காது.

எண் வந்தால் பிளாக், ஊர்ப் பெயர் வந்தால் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் `Neyveli Block 10` என்று டைப் செய்து, பக்கத்தில் மண்டபத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் ‘நெய்வேலி’ என்று மட்டும் இருந்தால் உஷார்: டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் மந்தாரக்குப்பத்தையும் நெய்வேலி என்றே சொல்வார்கள்.

பத்திரிகையில் பல முகவரிகள் இருக்கும். மேலே இருப்பவை பெரும்பாலும் வீட்டு முகவரிகள். ‘இடம்’, ‘நிகழ்விடம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். முகூர்த்தம் கோவிலிலும் வரவேற்பு மண்டபத்திலும் நடந்தால், இரண்டு இடங்களையும் அந்தந்த நேரத்தோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கிழமையும் தமிழ்த் தேதியும் ஒத்துப்போகவில்லையா? அச்சிலேயே பிழை இருக்கலாம். அப்போது எந்த ஆப்பாலும் பயனில்லை. பத்திரிகை அனுப்பிய சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதுதான் ஒரே வழி.