38 ரூபாய் சோப்புக்கு வரி எவ்வளவு?

“பில் சரியாப் போடணும், வேகமா இருக்கணும், ஜி.எஸ்.டி. தானா வந்துடணும்.” மளிகைக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரச் சொல்லும் கடைக்காரர் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார். எழுதித் தருகிறவரும் இதையே அழகாகத் தட்டச்சு செய்து, மேலே ‘தேவை ஆவணம்’ என்று தலைப்புப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார். மென்பொருள் கடைக்கு வந்த பிறகுதான் சண்டை தொடங்கும். ‘சரியா’ என்று கடைக்காரர் மனதில் வைத்திருந்தது ஒன்று, நிரல் எழுதியவர் புரிந்துகொண்டது வேறொன்று. யார் சொல்வது நியாயம் என்று தீர்க்க அந்த ஆவணத்தில் ஒரு வரிகூட உதவாது.

மென்பொருள் துறையில் எஸ்.ஆர்.எஸ். என்று சொல்லப்படுவது இந்த ஆவணம்தான். இதை எப்படி எழுத வேண்டும் என்று 1998-இல் வந்த ஐ.இ.இ.இ. 830 என்ற தரவரையறை விளக்கியது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரே ஒரு நிபந்தனை: எழுதிய ஒவ்வொரு கூற்றையும் சோதித்துப் பார்த்து, நிறைவேறியதா இல்லையா என்று ஒருவர் சொல்ல முடிய வேண்டும். கடைக்காரரும் நிரலாளரும் தனித்தனியே சோதித்தாலும் ஒரே விடை வர வேண்டும்.

‘ஜி.எஸ்.டி. தானாக வர வேண்டும்’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். சோப்பு ஒன்று 38 ரூபாய். எம்.ஆர்.பி. விலைக்குள்ளேயே வரியும் அடக்கம். வரி 5 சதவீதம். அதில் பாதி சி.ஜி.எஸ்.டி., பாதி எஸ்.ஜி.எஸ்.டி. விலையை 1.05-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய மதிப்பு 36.1904… என்று நீளும். பைசாவுக்கு முழுமைப்படுத்தினால் 36.19. மொத்த வரி 1.8095…, பாதி 0.9047…, அதாவது தலா 90 பைசா. இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 36.19, 0.90, 0.90. வருவது 37.99. ஒரு பைசாவைக் காணோம். நிரலில் பிழை எதுவும் இல்லை, கணக்கிலும் தவறு இல்லை. எதை முதலில் கணக்கிட வேண்டும், எதைக் கழித்துப் பெற வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கூற்றை இப்படி எழுதலாம்:

வரி-1: எம்.ஆர்.பி. விலையுள்ள பொருளுக்கு, பில்லின் ஒவ்வொரு வரிசையிலும் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பைசாவுக்கு முழுமைப்படுத்த வேண்டும். வரிசைத் தொகையிலிருந்து அவ்விரண்டையும் கழித்து வருவதே வரிக்கு முந்தைய மதிப்பு.

சோதனை: 38.00 ரூபாய், 5 சதவீதம். எதிர்பார்க்கும் விடை: 36.20, 0.90, 0.90.

இப்போது கூட்டினால் 38 சரியாக வரும். ‘ஒவ்வொரு வரிசையிலும்’ என்ற சொற்களையும் காரணத்தோடுதான் சேர்த்திருக்கிறேன். அதே சோப்பில் மூன்று வாங்கினால் வரிசைத் தொகை 114, அதற்கு சி.ஜி.எஸ்.டி. 2.71. ஒரு சோப்புக்கு 90 பைசா என்று கணக்கிட்டு மூன்றால் பெருக்கினால் 2.70. எது வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். முடிவு எழுத்தில் இல்லாவிட்டால், மாதக் கடைசியில் மென்பொருள் காட்டும் வரியும் ஆடிட்டர் போடும் கணக்கும் சில ரூபாய் தள்ளி நிற்கும். காரணத்தைத் தேடியே ஒரு நாள் போய்விடும். இன்னொன்றும் இதிலிருந்து கிளைக்கிறது. மூன்று சோப்பையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தால் அவை மூன்று வரிசையா, எண்ணிக்கை 3 என்று ஒரே வரிசையா? அதற்கும் தனியாக ஒரு கூற்று வேண்டும். இல்லையென்றால் ஸ்கேன் செய்கிற விதத்தைப் பொறுத்து வரி மாறும்.

முழுமைப்படுத்துவதிலேயே ஒரு பொறி இருக்கிறது. கிலோ 115 ரூபாய் கொண்டைக்கடலை 255 கிராம் நிறுத்தால் 29.325 ரூபாய். சரிபாதியில் நிற்கும் இந்த அரைப் பைசாவை மேலே ஏற்றி 29.33 என்பதுதான் கடை வழக்கம். ஆனால் சில நிரல்மொழிகளில் உள்ள முழுமைப்படுத்தும் கட்டளை, பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும், 29.32 என்று வந்துவிடும். அதனால் ‘அரைப் பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த பைசா’ என்று எழுதி, 29.325-ஐயே சோதனை எண்ணாகக் கொடுத்துவிட வேண்டும். பில் மொத்தத்தை ரூபாய்க்கு முழுமைப்படுத்தும் இடத்திலும் அப்படியே: 49.49-க்கு 49, 49.50-க்கு 50. தவறு எப்போதும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும் என்பதால் சோதனை எண்களையும் எல்லையிலிருந்தே எடுக்கிறோம். நடுவிலுள்ள 49.20-ஐ வைத்துப் பார்த்தால் எந்த மென்பொருளும் தேறிவிடும்.

தேதியை மறந்துவிடும் ஆவணங்கள் ஏராளம். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட்டுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பொருளோடு ஒரே ஒரு வரி விகிதத்தை மட்டும் சேமித்து வைத்திருந்த மென்பொருளில் விகிதத்தை மாற்றியதும் என்ன நடக்கும்? 21-ஆம் தேதி பில்லை மறுபடி அச்சிட்டால் புதிய வரி வந்து நிற்கும். இதற்கான கூற்று: வரி விகிதம், அது நடைமுறைக்கு வரும் தேதியோடு சேமிக்கப்பட வேண்டும், பில் போட்ட நாளில் இருந்த விகிதமே அந்த பில்லில் என்றும் இருக்க வேண்டும். சோதனைக்காக, விலை மாறாத 50 ரூபாய் பிஸ்கட் என்று வைத்துக்கொள்வோம். 21-ஆம் தேதி பில்லில் சி.ஜி.எஸ்.டி. 3.81, 22-ஆம் தேதி பில்லில் 1.19. இரண்டு பில்களையும் 23-ஆம் தேதி மறுபடி அச்சிட்டாலும் அதே எண்கள் வர வேண்டும்.

‘வேகமாக’ என்பதையும் இப்படியே அளவுக்குள் கொண்டுவரலாம். கடையில் இருக்கும் அதே கணினியில், 5,000 பொருள்கள் ஏற்றப்பட்ட நிலையில், பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்தால் ஒரு நொடிக்குள் பட்டியல் வர வேண்டும்; நூறு முறை தேடினால் 95 முறையாவது. எந்தக் கணினி, எத்தனை பொருள் என்று சொல்லாவிட்டால் அந்த ஒரு நொடிக்குப் பொருளே இல்லை. நிரலாளரின் புது மடிக்கணினியில், இருபது பொருளோடு பார்த்தால் எல்லாமே வேகம்தான்.

‘கரண்ட் போனாலும் டேட்டா போகக் கூடாது’ என்பதும் எல்லாக் கடைக்காரரும் கேட்பது. இதைச் சோதிக்கத்தக்கதாக எழுத உட்கார்ந்தால், ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தேவைகள் இருப்பது தெரியும். சேமித்த பில் முழுதாக இருக்க வேண்டும். பாதி பில் இருக்கவே கூடாது. அந்த பில்லுக்கான ஸ்டாக் ஒரு முறைதான் குறைய வேண்டும். பில் எண் விட்டுப்போகாமல் தொடர வேண்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும் என்பதால் இந்த மூன்றாவது தேவை கடைக்காரரின் விருப்பத்துக்கு அப்பாற்பட்டது. மூன்றையும் மூன்று கூற்றுகளாகப் பிரித்துத் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். ஒன்றாக எழுதினால், இரண்டு தேறி ஒன்று தவறும்போது அந்தக் கூற்று நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

இதற்கான சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஐந்து பொருளோடு பில் போட்டு, யு.பி.எஸ். இல்லாத கணினியின் மின்செருகியைப் பிடுங்க வேண்டும். சேமிக்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு முறை, அழுத்திய கணத்தில் சில முறை, அச்சு பாதி வந்திருக்கும்போது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கணினியை மீண்டும் இயக்கிக் கடைசி பில் எண், அதன் ஐந்து வரிசைகள், ஐந்து பொருளின் ஸ்டாக் ஆகியவற்றை முன்பே தாளில் குறித்து வைத்ததோடு ஒப்பிட வேண்டும். பில் இருக்கிறது, ஸ்டாக் குறையவில்லை என்றால் இரண்டையும் நிரல் தனித்தனியே சேமிக்கிறது என்று பொருள். நிரலாளர் எதைத் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.